வசனம் சரி, எண்ணும் சரி, ஆனால் புள்ளி இல்லை: வேத வசனக் கட்டுரைகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கிறிஸ்தவப் பாடக் கட்டுரைகளைத் திருத்தும்போது ஓரத்தில் நான் எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் நான்கைந்துதான். வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புக்கு வரும் பிள்ளையானாலும், கொட்டாஞ்சேனையிலிருந்து மாலை வகுப்புக்கு வந்து இறையியல் டிப்ளோமா படிக்கும் குடும்பஸ்தரானாலும், தடுக்கி விழும் இடங்கள் ஒன்றுதான். அதனால் அந்தக் குறிப்புகளையே தலைப்புகளாக வைத்து எழுதுகிறேன். திருத்தி வந்த கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு வந்த குறிப்பு எதுவோ அங்கே போய்ப் பாருங்கள். "யார் சொன்னது?" என்ற குறிப்பு வந்தவர்கள் மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அதுதான் பெரிய நோய்.

குறிப்பு: "இந்த இடத்தில் இந்த வசனம் இல்லை"

முதலில் நூலின் பெயருக்கு முன்னால் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பிழைகள் இங்கேயே தீர்ந்துவிடும். கடவுள் அன்பே உருவானவர் என்று ஒரு பந்தி எழுதி, முடிவில் "யோவான் 4:8" என்று போட்டிருப்பார்கள். அங்கே போய்ப் பார்த்தால், சீஷர்கள் சாப்பாடு வாங்க ஊருக்குள் போயிருந்தார்கள் என்று இருக்கும். தேடிய வசனம் 1 யோவான் 4:8. முன்னால் நிற்கும் அந்த ஒன்று விழுந்துவிட்டால் சுவிசேஷம் வேறு, நிருபம் வேறு. சாமுவேல், கொரிந்தியர், தெசலோனிக்கேயர், தீமோத்தேயு, பேதுரு எல்லாவற்றிலும் இதே ஆபத்து உண்டு.

இரண்டாவது காரணம் கொழும்பு வீடுகளுக்கே உரியது. அம்மா கத்தோலிக்கர், அப்பா மெதடிஸ்த் என்றால் வீட்டில் இரண்டு வேதாகமங்கள் இருக்கும். அப்பாவின் புத்தகத்தில் ஆதியாகமம், அம்மாவின் புத்தகத்தில் தொடக்க நூல். ஒன்றில் உபாகமம், மற்றதில் இணைச் சட்டம். ஒன்றில் பிரசங்கி, மற்றதில் சபை உரையாளர். ஒன்றில் அப்போஸ்தலர் நடபடிகள், மற்றதில் திருத்தூதர் பணிகள். இரண்டையும் கலந்து எழுதுவதால் வசனம் பிழையாகிவிடாது. ஆனால் படிக்கிறவர் எந்தப் புத்தகத்தை எடுத்துத் தேடுவது என்று திணறுவார். இன்னொன்று, சீராக், தோபித்து, மக்கபேயர் போன்ற நூல்களை மேற்கோள் காட்டினால், புரட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்தவரின் வேதாகமத்தில் அவை இருக்காது. எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்று எழுதியிருந்தால் அவர் உங்களைச் சந்தேகப்பட மாட்டார்.

சங்கீதமாக இருந்து, எண் சரியாக ஒன்று மட்டும் தள்ளிப்போயிருந்தால், உங்கள் மூலம் லத்தீன் வழி வந்த ஒரு பழைய கத்தோலிக்க நூலாக இருக்கலாம். எபிரேய வரிசையில் 9, 10 என்று இரண்டாக இருக்கும் சங்கீதங்களை அந்த வழி ஒன்றாக எண்ணுகிறது. அதற்குப் பிறகு வருபவற்றில் பெரும்பாலானவை ஒன்று குறைந்தே போகும். நாம் 23 என்று சொல்லும் ஆயன் சங்கீதம் அங்கே 22. இன்று கையில் இருக்கும் தமிழ்ப் பதிப்பின் எண்ணையே எழுதுங்கள். பழைய எண்ணை அப்படியே தூக்கி வைக்க வேண்டாம்.

எழுதும் முறை எளிது. அதிகாரத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் முக்காற்புள்ளி: யோபு 8:7. தொடர்ந்து வரும் வசனங்களுக்குச் சிறு கோடு: யோபு 8:4-7. இடைவிட்ட வசனங்களுக்குக் காற்புள்ளி: யோபு 1:1, 8. வேறு அதிகாரத்துக்குப் போனால் அரைப்புள்ளி: யோபு 8:7; 42:12. ஒரே அதிகாரம் உள்ள நூல்களில், அதாவது ஒபதியா, பிலேமோன், 2 யோவான், 3 யோவான், யூதா ஆகியவற்றில், வசன எண் மட்டும் போதும்: யூதா 3. பக்க எண் தேவையில்லை. ஒவ்வொரு அச்சிலும் பக்கம் மாறும், அதிகாரமும் வசனமும் மாறாது.

குறிப்பு: "சொற்கள் பொருந்தவில்லை"

மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொற்கள் புத்தகத்தில் இருப்பது போல இல்லை என்பதுதான் இதன் பொருள். இது ஏன் வருகிறது என்பதற்கு ஒரு நல்ல மாதிரி: "கர்த்தர் என் ஆயர், நான் தாழ்ச்சியடையேன்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு வசனம் எந்தப் பதிப்பிலும் இல்லை. புரட்டஸ்தாந்து சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில், அதாவது ஹென்றி பவர் தலைமையில் 1871இல் வந்த மரபில், அது "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்; நான் தாழ்ச்சியடையேன்." 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." இரண்டையும் கேட்டு வளர்ந்த காது இரண்டையும் ஒட்டிவிடுகிறது.

இதற்குத் தீர்வு, கட்டுரைக்கு ஒரு பதிப்பை மட்டும் தேர்ந்தெடுப்பது. முதல் மேற்கோளுக்குப் பின்னால் பதிப்பின் பெயரை ஒரு தரம் எழுதுங்கள். அதற்குப் பிறகு ஒன்றும் எழுதாவிட்டால், அதே பதிப்பு தொடர்கிறது என்று பொருள். ஓர் இடத்தில் மட்டும் மற்றப் பதிப்பு தேவைப்பட்டால் அந்த அடைப்புக்குறிக்குள்ளேயே அதைச் சொல்லிவிடுங்கள். கத்தோலிக்க ஆசிரியர் திருத்துகிறார் என்பதற்காகத் திருவிவிலியம்தான் எழுத வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. ஒரே பதிப்பில் ஒழுங்காக நிற்பவருக்கு யாரும் புள்ளி குறைப்பதில்லை. ஆனால் உங்கள் நிறுவனம் ஒரு பதிப்பைக் குறிப்பிட்டிருந்தால் அதுதான் சட்டம், அதில் விவாதம் வேண்டாம்.

பழைய மொழிபெயர்ப்பை எடுத்தவர்களுக்கு ஒரு தொந்தரவு உண்டு. பிலிப்பியர் 4:13 இப்படி இருக்கிறது: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பிள்ளைகள் இதை "பலப்படுத்துகிற", "எல்லாவற்றையும் செய்ய", "பலன் உண்டு" என்று திருத்தி எழுதுகிறார்கள். மேற்கோள் குறிக்குள் அப்படித் திருத்தக் கூடாது. பெலன் பெலனாகவே இருக்கட்டும். உங்கள் சொந்த வாக்கியத்தில் பலம் என்று எழுதிக்கொள்ளுங்கள். போனில் இருக்கும் வேதாகமச் செயலியிலிருந்து எடுத்து ஒட்டினால் வேறு சிக்கல். வசன எண்கள் வாக்கியத்தின் நடுவில் ஒட்டிக்கொண்டு வரும். நடுவில் வரும் தலைப்பும் சேர்ந்து வரலாம். அந்தத் தலைப்புகள் பதிப்பாசிரியர்கள் வைத்தவை. வேதவாக்கியமாக அவற்றை மேற்கோள் காட்டக் கூடாது.

சில நேரம் சொல் மாறுவது பொருளையே மாற்றிவிடும். "பணமே எல்லாத் தீமைக்கும் வேர்" என்று எழுதி 1 தீமோத்தேயு 6:10 என்று போடுவார்கள். வசனம் சொல்வது "பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது" என்று. ஆசை என்ற சொல் விழுந்ததும், பணம் வைத்திருப்பதே பாவம் என்று கட்டுரை திரும்பிவிட்டது. சில வசனங்களோ வேதாகமத்தில் இல்லவே இல்லை. தனக்குத் தானே உதவி செய்கிறவனுக்குக் கடவுள் உதவி செய்வார் என்பதை இன்னமும் நீதிமொழிகளில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

குறிப்பு: "யார் சொன்னது? முன்பின் பாருங்கள்"

இதுதான் நான் சொன்ன பெரிய நோய். சொற்கள் சரி, எண் சரி, பதிப்பும் ஒன்றுதான். ஆனால் வசனத்தை அதன் இடத்திலிருந்து பிய்த்தெடுத்து, அது சொல்லாத ஒன்றுக்குச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறது. ஒரு கட்டுரையை முழுதாக எடுத்துப் பார்ப்போம். தலைப்பு "துன்பம் பற்றிய வேதாகமப் பார்வை". அதில் வந்த ஒரு பந்தி:

> துன்பத்தின் முடிவில் வளம் உண்டு என்று கடவுள் வாக்களிக்கிறார். அவர் யோபுவிடம், "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" (யோபு 8:7) என்றார். எனவே துன்பப்படும் ஒவ்வொரு விசுவாசிக்கும் செழிப்பான எதிர்காலம் நிச்சயம்.

இந்த வசனம் தெரியாத தமிழ்க் கிறிஸ்தவ வீடு இருக்காது. நாட்காட்டியில் இருக்கும், புதுக் கடை திறந்தால் சுவரில் இருக்கும், பரீட்சைக்கு முந்திய இரவு வட்ஸ்அப்பில் வரும். மாணவி அதை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் எழுதியிருக்கிறார். ஆனால் பந்தியின் மூன்று வாக்கியங்களும் பிழை. எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதல் படி, பேசுகிறவரைத் தேடுவது. வசனத்திலிருந்து மேல்நோக்கி வாசித்துக்கொண்டே போங்கள். "பிரதியுத்தரமாக", "சொன்னதாவது", "என்று சொல்லி" போன்ற ஒரு சொல் கிடைக்கும்வரை நிற்காதீர்கள். யோபு 8இல் ஆறு வசனம் மேலே போனால் போதும். முதல் வசனத்திலேயே சூகியனான பில்தாத் பேசத் தொடங்குகிறான் என்று இருக்கிறது. பில்தாத், யோபைத் தேற்ற வந்த மூன்று நண்பர்களில் ஒருவன். இந்த இடத்தில் கடவுள் வாய் திறக்கவில்லை. அவர் யோபிடம் பேசுவது 38ஆம் அதிகாரத்தில்தான்.

பழைய மொழிபெயர்ப்பை வாசிப்பவர்களுக்கு அவசர அடையாளம் ஒன்றும் உண்டு. வசனம் "உம்முடைய" என்கிறது. அந்தப் பதிப்பில் கடவுள் மனிதனோடு பேசும்போது பொதுவாக நீ என்றே வரும். 38:4இல் "நீ எங்கேயிருந்தாய்?" என்றுதான் யோபைக் கேட்கிறார். ஆகவே கடவுள் சொன்னதாக நீங்கள் நினைக்கும் ஒரு வசனம் "நீர்", "உம்முடைய" என்று மரியாதையோடு நின்றால், கொஞ்சம் மேலே போய்ப் பாருங்கள். இது சந்தேகத்தைக் கிளப்பும் அடையாளம் மட்டும்தான். மனிதர்களும் நீ என்று பேசுவார்கள் என்பதால் இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இரண்டாவது படி, வாக்கியம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது. வசன எண்கள் மூல எழுத்தாளர் போட்டவை அல்ல. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டில் இப்போதுள்ள வசன எண்களை ரொபேர் எஸ்தியென் என்ற பதிப்பாளர் 1551இல் அச்சிட்டார். ஆகவே எண் மாறும் இடத்தில் கருத்தும் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஒரு வசனம் முற்றுப்புள்ளி இல்லாமல் முடிந்தால் அடுத்தது அதே வாக்கியத்தின் தொடர்ச்சி. யோபு 8:4, 5 இரண்டும் அப்படித்தான் முடியாமல் ஆறாம் வசனத்துக்குள் ஓடுகின்றன. அங்கே போனால் ஒரு நிபந்தனை நிற்கிறது: "சுத்தமும் செம்மையுமாய் இருந்தீரேயானால்". அதாவது நீர் குற்றமற்றவராக இருந்தால், தேவனைத் தேடினால், அப்போதுதான் உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும் என்கிறான் பில்தாத். நாட்காட்டியில் இந்த "இருந்தீரேயானால்" இல்லை.

நாலாம் வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதனால் கடவுள் அவர்களைத் தண்டனைக்கு ஒப்புக்கொடுத்தார் என்ற தொனியில் அவன் பேசுகிறான். பிள்ளைகள் எல்லோரையும் ஒரே நாளில் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் ஒரு தகப்பனுக்குச் சொல்லும் ஆறுதல் இது. செத்த வீட்டில் இப்படிப் பேசுகிறவர்களை நாமும் கண்டிருக்கிறோம். ஏழாம் வசனத்தின் அழகு இந்தப் பேச்சின் உள்ளேதான் இருக்கிறது.

மூன்றாவது படி, நூல் முழுவதும் அந்தப் பேச்சைப் பற்றி என்ன நினைக்கிறது என்று பார்ப்பது. யோபு நூலில் இதற்கு நேரடியான பதில் கிடைக்கிறது. முதல் வசனமே யோபு உத்தமன் என்கிறது, 1:8இல் கடவுளும் அதையே சொல்கிறார். அப்படியானால் துன்பம் வந்தது குற்றத்தால்தான் என்ற பில்தாதின் கணக்கு தொடக்கத்திலேயே பொருந்தவில்லை. கடைசியில் 42:7இல் கர்த்தர் எலிப்பாசிடம், அவன் மேலும் அவனுடைய இரண்டு சிநேகிதர் மேலும் தமக்குக் கோபம் என்று சொல்லி, "நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். பில்தாத் அந்த இரண்டு பேரில் ஒருவன்.

இங்கே வேகமாகத் தலையாட்டிவிட்டு, அப்படியானால் நண்பர்கள் சொன்னது எல்லாம் பொய் என்று எழுதினால் அது அடுத்த பிழை. 42:12இல் கர்த்தர் யோபின் முன்னிலைமையைவிட அவனுடைய பின்னிலைமையை ஆசீர்வதித்தார் என்று இருக்கிறது. பில்தாத் சொன்ன முடிவு, ஒருவகையில், வந்தே விட்டது. பவுலும் 1 கொரிந்தியர் 3:19இல் ஞானிகளை அவர்களுடைய தந்திரத்திலே பிடிக்கிறார் என்று எழுதும்போது எடுத்துக்காட்டுவது யோபு 5:13ஐத்தான். அதைச் சொன்னவன் எலிப்பாஸ். நண்பர்கள் வாயிலும் உண்மையான வாக்கியங்கள் உண்டு. அந்த வாக்கியங்களை வைத்து யோபின் மேல் அவர்கள் போட்ட கணக்குத்தான் பிழை. நல்ல கட்டுரை இந்த இடத்தில்தான் ஆழமாகிறது. என்னைக் கேட்டால், யோபு நூலைப் பற்றிய கேள்வி வந்தால் 8:7ஐத் தவிர்க்கக் கூடாது. அதைச் சரியாகக் கையாளுகிறவர் நூலை வாசித்திருக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும்.

நான்காவது படி, "ஒவ்வொரு விசுவாசிக்கும்" என்ற தாவல். ஒரு நூல் ஓர் ஆளுக்கு நடந்ததைச் சொல்வது வேறு, எல்லோருக்கும் வாக்குக் கொடுப்பது வேறு. 42:12 கதை சொல்லும் வாக்கியம். அதை வாக்குறுதியாக்க வேண்டுமானால் வேறு இடத்திலிருந்து ஆதாரமும் காரணமும் காட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் "யோபின் கதையில்" என்ற வரம்புக்குள் நின்றுகொள்ளுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு அந்தப் பந்தியை இப்படி எழுதலாம்:

> யோபு சுத்தமும் செம்மையுமாய் இருந்தால் "உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்று பில்தாத் சொல்கிறான் (யோபு 8:6-7). துன்பம் குற்றத்தின் விளைவு என்ற நம்பிக்கை இந்தப் பேச்சுக்கு அடியில் இருக்கிறது. யோபின் பிள்ளைகளின் சாவையும் அவன் அப்படியே விளக்குகிறான் (8:4). ஆனால் யோபு உத்தமன் என்று நூல் முதலிலேயே சொல்லிவிடுகிறது (1:1, 8). இறுதியில் நண்பர்களின் பேச்சைக் கர்த்தர் கண்டிக்கிறார் (42:7). யோபின் பின்னிலைமை ஆசீர்வதிக்கப்படுகிறது (42:12) என்றாலும், துன்பத்தை அளக்க பில்தாத் வைத்த அளவுகோலை நூல் ஏற்றுக்கொள்ளவில்லை.

பழைய பந்தியில் ஒரு வசனம் ஒரு கருத்தைத் தாங்கி நின்றது. இதில் ஐந்து இடங்கள் வந்தாலும் எல்லாம் ஒரே நூலுக்குள், ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன. பேசுகிறவரின் பெயர் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. நிபந்தனையும் சேர்ந்து வந்துவிட்டது. மேற்கோள் குறிக்குள் இருப்பது மூன்றே சொற்கள்தான், மற்றவை மாணவியின் சொந்த நடை. அடைப்புக்குறிக்குப் பிறகுதான் முற்றுப்புள்ளி வந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

கடைச் சுவரில் இருக்கும் வசனத்தைக் கழற்றச் சொல்கிறேனா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. ஒருவர் செபத்தில் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்வது அவருக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ள விஷயம். கட்டுரை அப்படி இல்லை. அங்கே நீங்கள் ஒரு நூல் என்ன சொல்கிறது என்று மூன்றாம் ஆளுக்கு நிரூபிக்கிறீர்கள்.

இதே நான்கு படிகளை வைத்து பிலிப்பியர் 4:13ஐயும் ஒரு தரம் சோதித்துப் பாருங்கள். பேசுகிறவர் பவுல், சிறைக் கட்டில் இருக்கிறார். முன் வசனங்களில் தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், பட்டினியாய் இருக்கவும் திருப்தியாய் இருக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். அந்த "எல்லாவற்றையும்" என்பது இவற்றைத்தான். பரீட்சையில் எட்டு ஏ எடுப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

குறிப்பு: "பாதியில் வெட்டியிருக்கிறீர்கள்"

வசனத்தை முழுதாக எழுத வேண்டிய கட்டாயம் கிடையாது. வெட்டலாம், வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வைத்தால் போதும். ஆனால் வெட்டக் கூடாத சொற்கள் சில உண்டு: இல்லை, ஆனால், மாத்திரம், அப்புறம் "ஆல்" என்று முடியும் நிபந்தனைகள்.

வேலையின்மை பற்றிய கட்டுரைகளில் "வேலை செய்யாதவன் சாப்பிடக் கூடாது (2 தெசலோனிக்கேயர் 3:10)" என்று அடிக்கடி வரும். வசனத்தில் இருப்பது "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால்" என்று. மனம் இல்லாதவனும் வேலை கிடைக்காதவனும் ஒரே ஆள் அல்ல. ஆடைத் தொழிற்சாலை மூடியதால் வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றிய பந்தியில் அந்தச் சுருக்கத்தை வைத்தால், பவுல் சொல்லாத கொடுமையை அவர் தலையில் கட்டுகிறீர்கள். அடுத்த வசனத்தை வாசித்தாலே அவர் யாரைச் சொல்கிறார் என்று தெரியும்: ஒரு வேலையும் செய்யாமல், தேவையில்லாத அலுவலில் தலையிட்டு ஒழுங்கில்லாமல் திரியும் சபையார் சிலரை.

சோதனை சுலபம். வெட்டிய மேற்கோளை ஒரு வரியிலும் முழு வசனத்தை அடுத்த வரியிலும் எழுதுங்கள். முழு வசனத்தை மறுக்கும் ஒருவர் வெட்டிய வரியை ஏற்றுக்கொள்ள முடியுமா, அல்லது மறுபக்கமாக நடக்குமா என்று யோசியுங்கள். முடியும் என்றால் வெட்டு பிழை. படிப்பவருக்குப் புரிவதற்காக ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டியிருந்தால் அதைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள்: "நீ [யோபு] எங்கேயிருந்தாய்?" என்பது போல. சதுர அடைப்பு இல்லாமல் சேர்த்த ஒவ்வொரு சொல்லும் வேதத்தின் சொல்லாகவே வாசிக்கப்படும்.

குறிப்பு: "வசனங்கள் அதிகம், வாதம் எங்கே?"

ஒரு வாக்கியம், பின்னால் எட்டு வசன எண்கள். ரியூஷன் நோட்ஸில் இருந்து அப்படியே வந்தது என்று பார்த்தவுடன் தெரியும். எண்களை விரலால் மறைத்துக்கொண்டு பந்தியை வாசித்துப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அந்த எண்கள் அலங்காரம்தான். இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை அடியுங்கள். வைத்துக்கொண்ட ஒவ்வொன்றுக்கும், அந்த வசனம் உங்கள் கருத்தை எப்படித் தாங்குகிறது என்று ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அதையும் அடித்துவிடலாம்.

பரீட்சை மண்டபத்தில் சொற்கள் நினைவுக்கு வரவில்லை

ஒப்படைக்குப் புத்தகத்தைத் திறக்கலாம், பரீட்சையில் முடியாது. அங்கே உங்களிடம் மூன்று தெரிவுகள் இருக்கின்றன. சொற்கள் நிச்சயமாகத் தெரிந்தால் மேற்கோள் குறியோடு எழுதுங்கள். கருத்தும் இடமும் தெரியும், சொற்கள்தான் ஊசலாடுகின்றன என்றால், குறி போடாமல் உங்கள் நடையில் சொல்லி இடத்தை எழுதுங்கள்: தன் இரண்டு நண்பர்களோடும் எலிப்பாஸைக் கர்த்தர் கண்டிக்கிறார் (யோபு 42:7). வசன எண்ணும் ஊசலாடினால் அதிகாரத்தோடு நிறுத்துங்கள்: யோபு நூலின் எட்டாம் அதிகாரத்தில் பில்தாத் இப்படி வாதிடுகிறான். ஊகித்து எழுதிய எண்ணைவிட இது எவ்வளவோ மேல். பேசுகிறவரின் பெயரையும் அதிகாரத்தையும் சரியாகச் சொன்னவருக்கு நான் புள்ளி குறைத்ததில்லை. ஆனால் 8:7ஐக் கடவுளின் வாயில் வைத்தவருக்கு, ஒவ்வொரு எழுத்தும் சரியாக இருந்தாலும், அந்தப் பந்திக்குப் புள்ளி போட வழியில்லை.